பிள்ளைகள் கலையும் முன்னே: மாலை வகுப்பில் செயல்பாட்டை நடுவில் மாற்றுவது எப்படி?

மாலை வகுப்புக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பதினைந்தாவது நிமிடத்தில்தான் திணறுகிறார்கள். முதல் பத்து நிமிடம் புதுமுகம் பார்க்கும் ஆவலிலேயே ஓடிவிடும். அதன்பிறகு ஒரு பையன் மண்ணில் கோடு கிழிப்பான், இரண்டு பெண்கள் ரிப்பனை அவிழ்த்துக் கட்டுவார்கள், "அக்கா, மணி எவ்ளோ?" என்று ஒரு குரல் வரும். அந்த இடத்தில் என்ன செய்வது என்பதற்கு மட்டும்தான் இந்த வழிகாட்டி.

நாங்கள் மனதில் வைத்திருப்பது வேலூர், குடியாத்தம், அணைக்கட்டு பக்கத்துக் கிராமங்களில் மாலை 5 மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம் நடக்கிற வகுப்பை. 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மையமாக இருக்கலாம், ஊர் இளைஞர்கள் தாங்களாகவே நடத்துவதாகவும் இருக்கலாம். நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை இருபது பிள்ளைகள் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். நாள் முழுக்கப் பள்ளியில் இருந்துவிட்டு வந்தவர்கள். இடம் கோவில் மண்டபமாகவோ யாராவது வீட்டு வாசலாகவோ இருக்கும். பாதி பேருக்கு அங்கிருந்து பார்த்தால் தன் வீடு தெரியும்.

எங்கே பார்ப்பது

முன்வரிசையைப் பார்த்து வகுப்பை எடை போடாதீர்கள். முன்னால் உட்காருகிறவர்கள் உங்களைப் பிடித்துப்போய் உட்கார்ந்தவர்கள். வகுப்பு முழுக்கக் கவிழ்ந்தாலும் அவர்கள் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். தொய்வு எப்போதும் ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, பேச்சை நிறுத்தாமலே, உங்களுக்கு மிகத் தொலைவில் இருக்கும் மூலையிலிருந்து பார்வையைத் தொடங்கி முன்னால் கொண்டுவாருங்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முட்டி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். முகம் மரியாதைக்காக உங்கள் பக்கம் இருக்கும். முட்டி வாசல் பக்கம் திரும்பியிருந்தால் மனசும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது கை. கையில் இருக்கும் பொருள் பாடத்தைச் சேர்ந்ததா, வேறா? பாட்டில் மூடியைத் திறந்து மூடுவது, பை ஜிப்பை இழுப்பது, செருப்புக் குவியலில் தன் ஜோடியைக் கண்ணால் தேடுவது எல்லாம் சின்னச் சின்ன அடையாளங்கள். கடைசியாகச் சொன்னது கொஞ்சம் முற்றிய நிலை. செருப்பைத் தேட ஆரம்பித்த பிள்ளை மனதளவில் கிளம்பிவிட்டது.

மூன்றாவது சத்தம். சத்தம் வந்தாலே கவனம் போய்விட்டது என்று நினைப்பது புதியவர்கள் எல்லாருக்கும் வரும் தவறான கணிப்பு. என்ன சத்தம் என்று ஒரு நொடி காது கொடுங்கள். "இன்னும் ரெண்டு வேணும்", "நீ தப்பா எண்ணிட்ட" என்று வந்தால் அது வேலைச் சத்தம், அதை அடக்கவே கூடாது. "அக்கா, இவன் என்னை இடிக்கிறான்", "அக்கா, அவ என் பென்சில எடுத்துட்டா" என்று ஆள் பெயரும் புகாரும் வர ஆரம்பித்தால் செயல்பாடு அவர்கள் கையை விட்டுப் போய்விட்டது. மறுபக்கம், எல்லாரும் அமைதியாக உட்கார்ந்து உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் வகுப்பும் நல்ல வகுப்பு என்று அர்த்தமில்லை. ஒரு பிள்ளையிடம் "இப்ப நாம என்ன பண்ணிட்டிருக்கோம்?" என்று மெதுவாகக் கேட்டுப்பாருங்கள். பதில் வராவிட்டால் அது தூங்கும் அமைதி.

இன்னொரு அடையாளம் தண்ணீரும் ஒன்றுக்கும். ஒரு பிள்ளை எழுந்து கேட்டால் அதற்கு நிஜமாகவே தேவை. இரண்டு நிமிடத்துக்குள் மூன்றாவது பிள்ளையும் கேட்டால், மூவருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுக்கவில்லை.

எத்தனை பேர் என்பதற்கு எங்கள் கணக்கு இது. இருபது பேரில் இரண்டு மூன்று பேர் எப்போதும் வேறெங்கோதான் இருப்பார்கள். அவர்களுக்காக எதையும் மாற்ற வேண்டாம், பக்கத்தில் போய் நின்றாலே பாதி சரியாகும். ஐந்து பேர் ஆனால் மாற்ற வேண்டிய நேரம். பத்து பேர் வரை விட்டுவிட்டால் சின்ன மாற்றம் எடுபடாது, முழுக்க நிறுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கும். ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும்.

ஏன் என்று கண்டுபிடிப்பது

"போர் அடிக்குதா?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்காதீர்கள். அதுவரை அடிக்காதவனுக்கும் அந்தக் கேள்விக்குப் பிறகு அடிக்கும். "ஆமாக்கா, ஊட்டுக்குப் போலாமா?" என்று ஒரு குரல் வந்துவிட்டால் அன்றைய வகுப்பு முடிந்த மாதிரிதான். காரணத்தை நீங்களாகவே பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அது பெரும்பாலும் நான்கில் ஒன்று.

முதலாவது உடம்பு. மாலை வகுப்பில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பகல் முழுக்கக் காய்ந்த கருங்கல் மண்டபத் தரை ஆறு மணி வரை சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் அடிக்கடி இடம் மாறி உட்கார்ந்தால், பாவாடையையோ பையையோ கீழே மடித்துப் போட்டால், உங்கள் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழேயும் இதே கதை. பசியும் அப்படித்தான். வீட்டுக்குப் போகாமல் நேராகப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளை மதியச் சத்துணவுக்குப் பிறகு எதையும் சாப்பிட்டிருக்காது. இந்தக் காரணங்களுக்கு எந்த விளையாட்டும் மருந்தாகாது. இடத்தை மாற்றுங்கள், மரத்தடி மண்ணுக்குப் போங்கள், எல்லாரும் சேர்ந்து தண்ணீர் குடிக்க மூன்று நிமிடம் விடுங்கள். பிறகு அதே செயல்பாட்டைத் தொடர்ந்தால் பல நாள் அதுவே போதும்.

திருவிழாக் காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாரதக் கூத்து நடக்கிற ஊரில் பிள்ளைகள் விடிய விடிய கண் விழித்திருப்பார்கள். மறுநாள் மாலை அவர்கள் கண் சொருகும்போது, உற்சாகப்படுத்தலாம் என்று ஓடவிட்டால் விழுந்து அடிபடுவார்கள், இல்லாவிட்டால் சண்டை வரும். அன்றைக்கு வேகத்தைக் குறைப்பதுதான் சரி. இரவு பார்த்த கூத்தில் துரியோதனன் என்ன கட்டியிருந்தான், என்ன நிறம், யார் யாரை அடித்தார்கள் என்று பிள்ளைகளையே சொல்லவிட்டு, நீங்கள் ஐந்து வாக்கியம் கரும்பலகையில் எழுதி அவர்களைப் படிக்க வையுங்கள். வாசிப்புப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

இரண்டாவது காத்திருப்பு. தன் முறை வரும்வரை ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். இருபது பேரை வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால், ஒருவருக்கு அரை நிமிடம் என்றாலும் கடைசிப் பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஆகும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு நிமிடமே அதிகம். அடையாளம் சுலபம்: முறை முடிந்த பிள்ளைகளும் முறை வராத பிள்ளைகளும் கலைந்திருப்பார்கள், பேசிக்கொண்டிருப்பவனும் அடுத்தவனும் மட்டும் கவனமாக இருப்பார்கள்.

மூன்றாவது, கஷ்டமாக இருப்பது அல்லது மிகச் சுலபமாக இருப்பது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி தெரியும். வேறுபாடு கையில் இருக்கிறது. கஷ்டமானால் பிள்ளை தொடங்கவே தொடங்காது, பக்கத்து நோட்டைப் பார்க்கும், அழித்து அழித்துத் தாள் கிழியும். சுலபமானால் சட்டென்று முடித்துவிட்டு அடுத்தவனை வம்புக்கு இழுக்கும். யார் கலைந்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். சின்னவர்கள் என்றால் கஷ்டம், பெரியவர்கள் என்றால் சுலபம். இங்கே ஒரு எச்சரிக்கை. குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் வீட்டில் உருதோ தெலுங்கோ பேசும் பிள்ளைகள் நிறைய. நீங்கள் வேகமாகச் சொன்ன தமிழ் பிடிபடாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளையை, ஆர்வமில்லாத பிள்ளை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மறுபடி சொல்வதைவிட ஒருமுறை செய்து காட்டினால் அந்தப் பிள்ளை மற்றவர்களுக்கு முன்னால் முடித்துவிடும்.

நான்காவது வெளியிலிருந்து வருவது: பறைச் சத்தம், குச்சி ஐஸ் வண்டி மணி, மழை, யாரோ வீட்டுக்கு வந்த ஆட்டோ. இதோடு போட்டி போடவே வேண்டாம். ஊர்வலம் போகிறதென்றால் எல்லாரையும் எழுப்பி இரண்டு நிமிடம் பார்க்கவிடுங்கள், போன பிறகு உட்காரவையுங்கள். இருபது தலையும் திரும்பியிருக்கும்போது நீங்கள் கத்தினால் தொண்டைதான் கட்டும்.

ஒரு செயல்பாட்டை நடுவில் பிரித்துக் கட்டுவது

இனி ஒரே ஒரு செயல்பாட்டை எடுத்துக்கொண்டு, அது எங்கே தொய்கிறது, எப்படி மாற்றுவது என்று முழுக்கப் பார்க்கலாம். பத்து, ஒன்று இடமதிப்பைக் குச்சி கட்டிச் சொல்லிக்கொடுப்பது எல்லா மையத்திலும் நடக்கிறது. குடியாத்தம் பக்கம் தீப்பெட்டித் தொழில் இருப்பதால் மருந்து முக்காத வெறும் குச்சி கேட்டால் கிடைக்கும். கிடைக்காத இடத்தில் துடைப்பக் குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளலாம். மருந்து உள்ள குச்சி வேண்டாம், ஒருவன் கண்டிப்பாக உரசிப் பார்ப்பான்.

பிள்ளைகள் 22 பேர், அதில் ஒன்று முதல் மூன்று வரை படிப்பவர்கள் 16, நான்கு ஐந்து படிப்பவர்கள் 6. உங்களிடம் 200 குச்சியும் ரப்பர் பேண்டும் இருக்கின்றன. நீங்கள் நான்கு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு 50 குச்சி கொடுத்து, "34 செய்யுங்க" என்கிறீர்கள். மூன்று கட்டும் நான்கு உதிரியும் வர வேண்டும். முதல் எண்ணை ஆவலாகச் செய்வார்கள். இரண்டாவது எண்ணில் புகார் ஆரம்பிக்கும்:

"அக்கா, அவனே எல்லாத்தையும் வெச்சிக்கினு கீறான்கா!"

"நீ என்ன பண்ற?"

"நானு சும்மா பாத்துனுகீறேன்."

இந்தப் பதிலில் காரணம் முழுக்க இருக்கிறது. குழுவுக்கு ஐந்தாறு பேர், எண்ணுவது ஒருவர், ரப்பர் பேண்டு போடுவது இன்னொருவர், மீதி மூன்று நான்கு பேருக்கு வேடிக்கை. பெரிய பிள்ளைக்கு 34 சுலபம் என்பதால் குச்சியை அவன் பிடுங்கிக்கொள்கிறான். சின்னப் பிள்ளை எண்ணி முடிக்கும்வரை யாரும் பொறுப்பதில்லை. ஆக காத்திருப்பும் சுலபமும் கஷ்டமும் ஒரே குழுவுக்குள் சேர்ந்துவிட்டன. "ஒழுங்கா பங்கு போட்டுக்குங்க" என்று அதட்டினால் ஒரு நிமிடம் அடங்கும். அமைப்பு அப்படியே இருப்பதால் மறுபடி வரும்.

இந்த நேரத்தில் புதியவர்கள் குச்சியை வாங்கி வைத்துவிட்டு ஒரு பாட்டுக்கோ விளையாட்டுக்கோ தாவிவிடுவார்கள். அப்படிச் செய்தால் பிள்ளைகள் கற்பது ஒன்றுதான்: கலைந்தால் பாட்டு கிடைக்கும். பத்து குச்சி சேர்ந்தால் ஒரு கட்டு என்பதுதான் அன்றைய நோக்கம். அது நகரக்கூடாது. யார், எத்தனை பேராக, உட்கார்ந்தா ஓடியா என்பதை மட்டும் மாற்றுங்கள்.

பெரியவர்கள் ஆறு பேரையும் இரண்டிரண்டாகப் பிரித்து மூன்று கடை வையுங்கள். மண்டபத்தின் ஒரு பக்கத்தில் சாக்பீஸால் மூன்று கட்டம் போட்டால் அதுதான் கடை. சின்னவர்கள் 16 பேரும் எட்டு ஜோடி. எதிர்ப்பக்கம் பத்தடி தள்ளி ஜோடிக்கு ஒரு வட்டம், அது அவர்கள் வீடு. முதல் இரண்டு கடைக்கு மும்மூன்று ஜோடி, மூன்றாம் கடைக்கு இரண்டு ஜோடி. குச்சியை 75, 75, 50 என்று கொடுங்கள். ஜோடிக்கு 25 குச்சி என்ற கணக்கு அது. எட்டு ஜோடிக்கும் ஜோடிக்கு இரண்டு ரப்பர் பேண்டு, அறுந்துபோனால் கொடுக்க உங்கள் கையில் நான்கைந்து.

கடைக்கு ஒரு தாயக்கட்டை. லூடோவில் வரும் ஆறு முகக் கட்டை போதும், இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து ஆறு வரை எழுதிய சீட்டு. ஜோடியில் ஒருவர் கடைக்கு ஓடிவந்து கட்டையை உருட்டுவார். விழுந்த எண்ணுக்குக் கடைக்காரர் குச்சி எண்ணிக் கொடுப்பார். வீட்டில் இருப்பவர் அதை வாங்கி ஏற்கெனவே இருப்பதோடு சேர்த்து எண்ணுவார். பத்து சேர்ந்ததும் கட்டு. அடுத்த முறை மற்றவர் ஓட வேண்டும். இரண்டு கட்டு முடித்து, மீதி உதிரி எத்தனை என்று சொல்லும் ஜோடி உட்காரலாம். ஒரு உருட்டுக்குச் சராசரியாக மூன்று நான்கு குச்சி வரும் என்பதால் ஆறேழு ஓட்டத்தில் இருபது தாண்டும். கடைசி உருட்டுக்கு முன் 19 இருந்து ஆறு விழுந்தாலும் 25-தான். ஆகவே குச்சி பற்றாமல் போகாது.

பெரியவர்களுக்கு இதில் நிஜமான கணக்கு இருக்கிறது. ஒரு கடைக்காரர் எண்ணிக் கொடுக்க, மற்றவர் ஒவ்வொரு ஜோடிக்கும் இதுவரை எத்தனை போயிருக்கிறது என்று நோட்டில் கூட்டிக்கொண்டே வர வேண்டும். கடைசியில் கடையில் மீதி எத்தனை இருக்க வேண்டும் என்று கழித்துச் சொல்லி, பிறகு எண்ணிப் பார்க்க வேண்டும். சரியாக வராது. யாராவது ஒரு குச்சியைக் கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள். அது எங்கே போனது என்று அவர்கள் தேடும் ஐந்து நிமிடம் உங்களுக்குச் சின்னவர்களோடு உட்காரக் கிடைக்கும்.

மாற்றும் அந்த ஒரு நிமிடம்

திட்டம் நன்றாக இருந்தும் மாற்றம் சொதப்புவது பெரும்பாலும் இந்த ஒரு நிமிடத்தில்தான். முதலில் பொருளை வாங்குங்கள். கையில் குச்சி இருக்கும்போது சொல்லும் எந்த விளக்கமும் காதில் ஏறாது. "குச்சியெல்லாம் நடுவுல வைங்க, கை ரெண்டும் தலை மேல" என்றால் ஐந்து நொடியில் முடியும். கை தலைமேல் இருக்கிற ஐந்து நொடிதான் உங்களுக்குக் கிடைக்கிற முழு அமைதி, அதற்குள் முதல் வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள்.

"இது சரியா வரல, வேற பண்ணலாம்" என்று சொல்லாதீர்கள். முதல் எண்ணை ஒழுங்காகச் செய்த பிள்ளைக்கு அது தண்டனை மாதிரி. "34 எல்லாரும் கட்டிட்டோம். இப்ப கடை வெக்கப் போறோம்" என்றால் அது தொடர்ச்சியாகிவிடும். பெரியவர்களை முதலில் அனுப்பிக் கடையில் உட்காரவையுங்கள். கலைப்பவர்கள் நகர்ந்ததும் மீதிப் பேருக்குச் சொல்வது சுலபம். அதன்பிறகு விளக்க வேண்டாம். ஒரு ஜோடியை எழுப்பி, எல்லாரும் பார்க்க ஒருமுறை ஓடி, உருட்டி, வாங்கி, எண்ணவிடுங்கள். நீங்கள் பேசுவது மொத்தமே நான்கு வாக்கியத்துக்குள் இருக்க வேண்டும். ஐந்தாவது வாக்கியம் சொல்கிறீர்கள் என்றால் விதி சிக்கலாகிவிட்டது என்று அர்த்தம், ஒரு விதியை எடுத்துவிடுங்கள்.

யாரை ஜோடி சேர்ப்பது என்பதில் பேரம் பேச விடாதீர்கள். "உனக்குப் பிடிச்சவங்க கூட" என்றால் யாரும் கூப்பிடாத ஒரு பிள்ளை நடுவில் நின்றுகொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவரோடு ஜோடி என்று நீங்களே தொட்டுத் தொட்டுப் பிரித்துவிடுங்கள். ஒருவர் மிஞ்சினால் மூவர் ஜோடி.

ஓட ஆரம்பித்ததும் இரண்டு தகராறு வரும். ஒன்று, "யாரு ஃபர்ஸ்ட்?" என்ற போட்டி. முதலில் முடிப்பவருக்குப் பரிசு என்று நீங்கள் சொல்லாவிட்டாலும் அவர்களே தொடங்கிவிடுவார்கள். போட்டி வந்ததும் எண்ணாமலே கட்டுவார்கள், கட்டில் எட்டும் பன்னிரண்டும் இருக்கும். இதற்கு மருந்து சரிபார்ப்பு: உட்காரும் ஜோடி தன் கட்டை அவிழ்த்து அடுத்த ஜோடிக்கு எண்ணிக் காட்டிவிட்டு மறுபடி கட்ட வேண்டும். ஒருமுறை தப்பு பிடிபட்டதும் வேகம் தானாகக் குறையும். இரண்டாவது, மோதல். மழைக்காலத்தில் வழுக்கும் சிமெண்ட் தரையிலும், தூண் நெருக்கமாக இருக்கும் மண்டபத்திலும் ஓட்டத்தை விட்டுவிட்டு நொண்டியடித்து வரச் சொல்லுங்கள். நொண்டியில் வேகம் குறையும், சிரிப்பு குறையாது.

எப்போது மாற்றக்கூடாது

மாற்றக் கற்றுக்கொண்ட புதியவர்கள் அடுத்துச் செய்வது அளவுக்கு மீறி மாற்றுவது. ஒன்றரை மணி நேரத்தில் பெரிய மாற்றம் இரண்டுக்கு மேல் போனால் பிள்ளைகளுக்கு எதிலும் நிலைக்க நேரம் கிடைக்காது. ஒரு புது செயல்பாட்டுக்கு முதல் மூன்று நான்கு நிமிடம் குழப்பமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து கைவிட்டுவிடாதீர்கள். குழப்பத்தில் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், "இப்ப நானா ஓடணும்?" என்பார்கள். கேள்வி வரும்வரை ஆர்வம் இருக்கிறது. கேள்வியே வராமல் கலைந்தால்தான் தொய்வு.

ஒரே ஒருவன் கலைத்துக்கொண்டிருந்தால் அவனுக்காக வகுப்பை மாற்றுவதும் வேண்டாம். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கேள்வி கேட்பது அதைவிட மோசம். அவனுக்குத் தேவையானது பார்வையாளர்கள், நீங்கள் இருபது பேரைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். சாக்பீஸைக் கொடுத்து ஜோடிகளின் எண்ணைச் சுவரில் எழுதச் சொல்லுங்கள், வேலை இருந்தால் போதும் அவனுக்கு. டாஃபி காட்டி அடக்குவது அன்று பலிக்கும். மூன்றாம் நாள் டாஃபி எங்கே என்ற கேள்வியோடுதான் வகுப்பு தொடங்கும்.

கொலகொலயா முந்திரிக்கா மாதிரி முழு ஆட்ட விளையாட்டை நடுவில் நுழைக்க வேண்டாம். அதிலிருந்து திரும்பி உட்காரவைக்கப் பத்து நிமிடம் பிடிக்கும், வேர்த்து வழிந்த பிள்ளை நோட்டைத் தொடாது. அதை வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தேவையானது இரண்டு நிமிடத்தில் முடிகிற, நின்ற இடத்திலேயே நடக்கிற ஒன்று. ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே வந்து ஐந்தின் மடங்கு வரும் இடத்தில் எண்ணைச் சொல்லாமல் கைதட்டுவது எங்களுக்குப் பிடித்தது. ஒன்றாம் வகுப்புக்கு அது வெறும் கைதட்டல், ஐந்தாம் வகுப்புக்கு வாய்ப்பாடு. தப்பினால் யாரையும் வெளியேற்றாதீர்கள். வெளியேறிய பிள்ளைக்கு வேலை இல்லை, கலைப்பதைத் தவிர.

இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகும் பாதி பேர் கலைந்திருந்தால் அன்றைக்குப் பாடம் போதும். இருபது நிமிடம் முன்னதாக நிறுத்துவதில் தப்பில்லை. ஆனால் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். வகுப்பு முடியும்போது வந்து கூட்டிப்போகும் அம்மா வேலையிலிருந்து திரும்பியிருக்க மாட்டார், பூட்டிய வீட்டு வாசலில் சின்னப் பிள்ளை தனியாக நிற்கும். மீதி நேரத்துக்குக் கதையோ விளையாட்டோ நடத்தி வழக்கமான நேரத்துக்கே விடுங்கள்.

பிள்ளைகள் போனதும் நோட்டில் ஒரே வரி எழுதினால் போதும்: எத்தனை மணிக்குத் தொய்ந்தது, யார் முதலில், எதை மாற்றினீர்கள். இரண்டு வாரத்தில் ஒரு ஒழுங்கு தெரியும். திங்கட்கிழமை எப்போதும் சீக்கிரம் தொய்கிறதா, குழு வேலையில் மட்டும் தொய்கிறதா, ஒரே மூலையில் ஆரம்பிக்கிறதா என்று. மூலை என்றால் பெரும்பாலும் அங்கிருந்து கரும்பலகை கண்ணுக்குக் கூசும், பலகையைத் திருப்பி வைத்தாலே தீரும்.

குச்சிகளைக் கட்டோடு பைக்குள் போட்டு வையுங்கள், அவிழ்க்க வேண்டாம். மறுநாள் அதே எட்டு ஜோடிக்கும் இரண்டு கட்டும் மூன்று உதிரியும் கொடுத்து, "கடைக்காரருக்கு ஏழு குச்சி திருப்பிக் குடுங்க" என்று சொல்லுங்கள். உதிரி பற்றாமல் ஒரு கட்டை அவர்களே அவிழ்ப்பார்கள். கடன் வாங்கிக் கழித்தல் அங்கே தொடங்கும்.